தொண்ணூறு வினாடிக் கட்சீனுக்கு எத்தனை மணி நேரம்? – அனிமேஷன் லீட் ஒருவரிடம் கேள்வி பதில்

கே: அண்மையில்தான் லீட் பொறுப்புக்கு வந்தேன். எங்கள் வீடியோ ஆட்டத்தில், கதையின் நடுவில் ஓடும் 90 வினாடிக் காட்சியான கட்சீனுக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று தயாரிப்பாளர் கேட்டிருக்கிறார். நடிகரின் அசைவைப் பதிவுசெய்து தரும் மோகேப் உண்டு, மூன்று பாத்திரங்கள். மின்னஞ்சலில் எண்ணை மட்டும் போடலாமா? ஒரு மாதிரி காட்ட முடியுமா?

ப: எண்ணை மட்டும் அனுப்பினால், அது எந்த நிபந்தனைகளின் மேல் நின்றது என்பது ஒரு வாரத்தில் எல்லோருக்கும் மறந்துவிடும், எண் மட்டும் அட்டவணையில் தங்கிவிடும். ஆகவே எண்ணும் அனுமானங்களும் ஒரே மின்னஞ்சலில், ஒரே திரையில் தெரியும்படி இருக்க வேண்டும்.

கணக்கைத் தொடங்குமுன் ஸ்டோரிபோர்டை எடுத்து, ஒவ்வொரு பாத்திரமும் எத்தனை வினாடி திரையில் இருக்கிறது என்று தனித்தனியே கூட்டுங்கள். திரையில் ஓடுவது 90 வினாடிதான் என்றாலும், இருவர் ஒரே ஷாட்டில் நின்றால் அனிமேட்டருக்கு அந்த வினாடி இரண்டு வினாடி வேலை. இந்தக் கூட்டலைப் பாத்திர வினாடி என்போம். தாய் மகனிடம் வாளை ஒப்படைக்கிறாள், இடையில் ஒரு காவலன் நுழைகிறான் என்ற காட்சியை எடுத்துக்கொண்டு, நான் அனுப்பக்கூடிய மின்னஞ்சலை எழுதுகிறேன்.

> வணக்கம் மேடம்,
>
> வாள் ஒப்படைக்கும் கட்சீனுக்கு அனிமேஷன் பிரிவின் மதிப்பீடு 475 மணி நேரம். எல்லாம் சாதகமாக அமைந்தால் 430, மோகேப் கைவிடப்படாமல் கீழே உள்ள மற்ற அனுமானங்களில் ஓரிரண்டு பொய்த்தால் 600 வரை போகலாம். இரண்டு அனிமேட்டர்கள் வாரத்திற்குத் தலா 30 மணி நேரம் இதில் மட்டும் உழைத்தால் எட்டு வாரம் ஆகும்.
>
> காட்சியில் 18 ஷாட்கள் உள்ளன. தாய் 70, மகன் 55, காவலன் 20 என மொத்தம் 145 பாத்திர வினாடிகள். உடலசைவைச் சீர்செய்ய 145 மணி. நெருக்கக் காட்சிகளில் வரும் 40 வினாடி முகத்திற்கு 80 மணி, நடுத்தூரத்தில் தெரியும் 60 வினாடி முகத்திற்கு 45 மணி. விரல்களுக்கும் வாளுக்கும் 30, கேமராவுக்கு 36, காட்சியின் முன்வரைவான பிரிவிஸுக்கு 24, எஞ்சினில் பொருத்திச் சோதிக்க 20. இவற்றின் கூட்டுத்தொகை 380. இரண்டு சுற்றுத் திருத்தங்களுக்கு அதில் கால் பங்கு, அதாவது 95 மணி, சேர்த்திருக்கிறேன்.
>
> இந்த எண் கீழ்க்கண்டவற்றை நம்பியிருக்கிறது:
>
> 1. பிரிவிஸ் ஒப்புதலான பின் வசனமும் குரல்பதிவும் மாறா. மாறினால், நெருக்கக் காட்சியில் நான்கு வினாடி வசனம் ஒன்றுக்கு 12 மணி கூடும்.
> 2. மோகேப் தரவு நம் பாத்திரங்களின் எலும்புக்கூட்டிற்கு மாற்றப்பட்ட நிலையில் வந்து சேரும்; விரல்கள் பதிவாகவில்லை. மோகேப்பே கைவிடப்பட்டால் உடலசைவுக்கு மட்டும் 290 மணி கூடும்.
> 3. முகத்தை அசைக்க உதவும் கட்டமைப்பான முக ரிக் மூன்றாம் வாரத் தொடக்கத்தில் இறுதி வடிவில் கிடைக்கும்.
> 4. மகன் ஒரே உடையில்தான் வருவான். ஆட்டக்காரர் தேர்ந்தெடுத்த உடை கட்சீனிலும் வர வேண்டுமென்றால் தனியாக மதிப்பிட வேண்டும்.
> 5. திருத்தச் சுற்றுகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் எல்லோருடைய குறிப்புகளும் ஒரே தொகுப்பாக வரும். மூன்றாம் சுற்று வந்தால் ஏறக்குறைய 40 மணி கூடும்.
> 6. அனிமேஷன் வினாடிக்கு 30 பிரேமில் செய்யப்படும். ஆட்டம் 60 பிரேமில் ஓடும்போது செய்யும் சோதனை இந்தக் கணக்கில் அடங்கும்.
>
> துணி, முடி, ஒளியமைப்பு, எஃபெக்ட்ஸ், ஒலி ஆகியவை இதில் இல்லை. முதலாவது, நான்காவது அனுமானங்கள் குறித்து இந்த வெள்ளிக்கிழமைக்குள் தங்கள் பதில் கிடைத்தால் 430க்கும் 600க்கும் உள்ள இடைவெளியைக் குறைத்து மறுபடி அனுப்புகிறேன்.

இதிலுள்ள மணி விகிதங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குழு முன்பு முடித்த இரண்டு கட்சீன்களின் நேரப்பதிவைப் பார்த்து உங்கள் விகிதத்தைக் கண்டுபிடியுங்கள். கணக்கின் வடிவம் மட்டுமே இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

கே: இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? எங்கள் ஸ்டுடியோவில் ஓர் அனிமேட்டர் வாரம் பத்து வினாடி முடிப்பார். 90ஐப் பத்தால் வகுத்தால் ஒன்பது வாரம், 270 மணி. முடிந்தது வேலை.

ப: உங்கள் பத்து சரியான எண்ணாகத்தான் தெரிகிறது. மேலே உள்ள 475 மணியை 145 பாத்திர வினாடிகளால் வகுத்தால் ஒரு வினாடிக்கு மூன்றேகால் மணிக்குச் சற்று மேல் வரும். வாரம் 30 மணி என்றால் ஒருவர் ஏறத்தாழ ஒன்பது பாத்திர வினாடி முடிப்பார். உங்கள் பத்துக்கு வெகு அருகில்தான் இருக்கிறது. நீங்கள் இதுவரை செய்தவை பெரும்பாலும் ஒருவர் மட்டும் பேசும் காட்சிகளாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே திரை வினாடியும் பாத்திர வினாடியும் ஒன்றே. மூவர் வரும் காட்சிக்கு அதே பத்தைக் கொண்டு 90ஐ வகுத்தால் ஐம்பத்தைந்து வினாடி வேலை கணக்கிலேயே வராது. பத்தை வைத்துக்கொள்ளுங்கள், வகுபடும் எண்ணை மாற்றுங்கள்.

கே: நான் தயாரிப்பாளர் பக்கம். அனுமானப் பட்டியல் நீளமாக இருந்தால், பின்னால் தாமதமாகும்போது காட்டுவதற்காக முன்கூட்டியே எழுதிவைத்த சாக்குகளாகத்தான் எனக்குத் தெரிகிறது. தவறா?

ப: பல மின்னஞ்சல்களைப் பொறுத்தவரை தவறில்லை. "ரிக் நேரத்திற்கு வரும் என்று எதிர்பார்க்கிறோம்" என்று எழுதுவதால் தங்களுக்கு ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் அதைப் படித்துவிட்டுத் தாங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஓர் அனுமானம் பட்டியலில் இடம்பெற வேண்டுமென்றால் அது பொய்த்தால் என்ன விலை என்பதோ, எந்த நாளுக்குள் தெரிய வேண்டும் என்பதோ அதில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவற்றை நான் வெட்டிவிடுவேன். "கணினிகள் பழுதாகாது", "ஊழியர்களுக்கு நோய் வராது" போன்றவை எந்த வேலைக்கும் பொருந்துபவை; அவற்றுக்கு இங்கே இடமில்லை.

குரல்பதிவை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. "வாளை எடு" என்பது "எடு, இது உன் வாள்" என்று மாறினால் உதடசைவை மட்டும் மாற்றிவிட்டுப் போக முடியாது. முதல் வசனத்தில் அழுத்தம் வாளின் மேல் இருந்தது, தாயின் தலை அந்தச் சொல்லில்தான் அசைந்தது; புதிய வசனத்தில் அழுத்தம் "உன்" என்பதில் விழுகிறது. தலை, புருவம், தோள், பார்வை அனைத்தையும் நகர்த்த வேண்டும். நான்கு வினாடிக்கு முகம் எட்டு மணி, உடல் நான்கு மணி என்று அந்த 12 வருகிறது. இது தெரிந்த தயாரிப்பாளர் எழுத்தாளரிடம் ஒரு வாரம் முன்னதாகவே பேசிவிடுவார்.

கே: யூடியூப் விளம்பரத்துக்கு 90 வினாடி 2டி அனிமேஷன் கேட்கிறார்கள். இந்த 475 மணியை வைத்து எவ்வளவு தொகை சொல்லலாம்?

ப: தயவுசெய்து இதை வைத்துச் சொல்லாதீர்கள். இது மோகேப்பும் ஆட்ட எஞ்சினும் உள்ள முப்பரிமாண வேலையின் நேரக் கணக்கு. தங்கள் வேலையில் இவை இரண்டும் இல்லை, பின்னணி ஓவியமும் வடிவமைப்பும் கூடுதலாக இருக்கும். திருத்தச் சுற்றுகளின் எண்ணிக்கையை எழுத்தில் வாங்கிக்கொள்வது மட்டும் தங்களுக்கும் பொருந்தும்.

கே: 30 பிரேமில் செய்து 60 பிரேமில் சோதிப்பதற்கென்று ஏன் தனி வரி? எஞ்சின் தானாக இடைப்பட்ட பிரேமை நிரப்பிவிடுமே.

ப: அது தானாக நிரப்புவதுதான் சிக்கல். தாயின் கையிலிருந்து மகனின் கைக்கு வாள் மாறுவது ஒரே பிரேமில் நடக்கிறது: ஒரு பிரேமில் வாள் தாயின் மணிக்கட்டோடு கட்டப்பட்டிருக்கும், அடுத்த பிரேமில் மகனுடையதோடு. 30 பிரேமில் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. 60 பிரேமில் எஞ்சின் நடுவில் ஒரு படத்தைக் கணக்கிட்டு உருவாக்கும். இரண்டு நிலைகளுக்கும் சிறு வேறுபாடு இருந்தால்கூட அந்தப் படத்தில் வாள் இரு கைகளையும் விட்டு அந்தரத்தில் நிற்கும். ஷாட் மாறும் இடங்களிலும் இதே கதை. கேமரா வெட்டும் அதே பிரேமில் பாத்திரத்தை வேறிடத்திற்கு நகர்த்தியிருந்தால், பழைய இடத்திற்கும் புதிய இடத்திற்கும் நடுவில் அது ஒரு பிரேம் மின்னி மறையும்.

ஓடும்போது கண்ணுக்கு ஏதோ துடித்ததுபோல் மட்டுமே தெரியும். நிறுத்தி, ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினால்தான் பிடிபடும். அந்த நிலைகளைக் குறிக்கும் கீகளை இடைநிரப்பாத வகைக்கு மாற்றினாலோ, ஷாட்களைத் தனித்தனிக் கிளிப்பாகப் பிரித்தாலோ சரியாகிவிடும். திருத்துவது எளிது. 18 ஷாட்களின் எல்லைகளையும் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதற்குத்தான் நேரம்.

கே: எங்கள் திட்டத்தில் முகமும் மோகேப்பிலேயே வந்துவிடும் என்று சொல்லி முகத்துக்கு மிகக் குறைவாகப் போட்டோம், வேலை இரண்டு மடங்கு இழுத்தது. இன்னொன்று, என் பழைய லீட் எப்போதும் ஒற்றை எண்தான் கொடுப்பார், வரம்பு கொடுத்தால் தயாரிப்பாளர் கீழ் எண்ணைத்தான் எடுத்துக்கொள்வார் என்பார். உண்மையா?

ப: முகம் பதிவானாலும் அது நடிகரின் முகம், பாத்திரத்தின் கண்ணிமையும் உதடும் வேறு அளவில் இருக்கும். 'ப', 'ம' ஒலிகளில் உதடு முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு மயிரிழை இடைவெளி விட்டு நிற்கும், பார்வையும் எதிரில் உள்ளவரின் கண்ணில் படாமல் காதருகே போகும். நெருக்கக் காட்சியில் இவற்றைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். அதனால் முகத்தை மொத்தமாக மதிப்பிடாமல், நெருக்கம், நடுத்தூரம், முகமே தெரியாதவை என்று பிரித்தேன். மேலே உள்ள 145இல் 45 பாத்திர வினாடிகள் முதுகோ தொலைவோ என்பதால் முகத்திற்கு ஒரு மணிகூட ஒதுக்கவில்லை.

வரம்பைப் பற்றி உங்கள் பழைய லீட் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. 430ஐ மட்டும் அட்டவணையில் ஏற்றிய தயாரிப்பாளரோடு நானும் வேலை செய்திருக்கிறேன். இருந்தாலும் ஒற்றை எண் கொடுத்தால் நாமே அதற்குள் இரகசியமாகக் கூட்டி வைக்கத் தொடங்குவோம், பிறகு எது வேலை, எது பாதுகாப்பு என்று நமக்கே தெரியாது. நான் நடு எண்ணை முதல் வரியில் தனியாக எழுதி, அதைத்தான் திட்டத்தில் ஏற்ற வேண்டும் என்று நேரிலும் சொல்வேன். இதற்கு மேல் நல்ல வழி யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.

கே: எட்டு வாரத்தை நான்காக்க, இரண்டுக்குப் பதில் நான்கு அனிமேட்டர்களைப் போடலாமா?

ப: நான்கு வாரத்தில் முடியாது. முதல் வாரத்தில் பிரிவிஸ் ஒப்புதலாகும் வரை நால்வருக்கும் வேலை இருக்காது. மூன்றாம் வாரம் வரை முக ரிக்கும் கிடையாது. அதற்குப் பின்னும், வாள் கைமாறும் ஷாட்டை ஒருவரும் அதற்கு அடுத்த ஷாட்டை இன்னொருவரும் செய்தால் தாயின் நிற்கும் தோரணை இரண்டு விதமாக வந்து நிற்கும். அதை ஒன்றாக்கும் வேலை லீட்டின் தலையில் விழும். மூன்றாமவர் ஒருவரை ஐந்தாம் வாரத்திலிருந்து காவலன் வரும் ஷாட்களுக்கு மட்டும் கொடுங்கள். ஒரு வாரம் மிச்சமாகலாம். மொத்த மணி நேரம் 475ஐ விடச் சற்றுக் கூடும் என்பதையும் அதே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.