இதில் மெசின் எழுதியது எது? மலர்க்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கோயில் மலர், நினைவு மலர், பாடசாலைச் சஞ்சிகை என்று முப்பது வருடமாகத் தொகுக்கிறேன், மெய்ப்புப் பார்க்கிறேன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் கல்லடியில் மலர் போடுகிறவர்கள் சிலர் கூடியபோது கேட்டவையும் நான் சொன்னவையும் இவை. குறுக்கே பேசியவர்களையும் வெட்டவில்லை.

வாசிகசாலை மலர்க் குழுத் தம்பி, படுவான்கரை: ரீச்சர், முன்பக்கத்தில் "சில ஆக்கங்கள் ஏஐ உதவியுடன் தயாரிக்கப்பட்டவை" என்று ஒரு வரி போட்டால் காணும்தானே?

காணாது. இதே வரியைப் போட்டு நானே மாட்டுப்பட்டிருக்கிறேன், அதைச் சொல்கிறேன்.

ஒரு மலருக்காகப் படுவான்கரையில் ஒரு அம்மம்மாவிடம் 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பற்றிக் கேட்டோம். நாற்பது நிமிடம் பேசினார், கைபேசியில் பதிந்தோம். பேச்சை எழுத்தாக்கும் செயலியில் போட்டோம். வந்த எழுத்தை ஏஐயிடம் கொடுத்து "வாசிக்கக்கூடிய கட்டுரையாக்கு" என்றோம். அழகான மூன்று பக்கம் வந்தது. எழுத்துப்பிழை பார்த்தேன், அந்த வரியையும் போட்டு மெய்ப்பை வீட்டாருக்கு அனுப்பினேன்.

மகள் அன்று பின்னேரமே போன் எடுத்தார். "கடல் ஊருக்குள்ள வந்தது என்று அம்மா எப்ப சொன்னவ? நாங்க இருக்கிறது படுவான்கரையில. கடல் வாவியைத் தாண்டியா வரும்?" ஒலியைத் திரும்பக் கேட்டேன். அந்த வாக்கியம் எங்குமே இல்லை. கரையோர ஊர்களில் அன்று கடல் ஏறியது உண்மைதான். அதனால்தான் எனக்கும் கண்ணில் படவில்லை. ஆனால் அது அவருடைய வாயிலிருந்து வந்த உண்மை இல்லை.

பிறகு முழுவதையும் ஒலியோடு வைத்து வரி வரியாகப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஆம்பிளை அம்மம்மாவைக் கூப்பிட்ட "என்னகா" என்பது "என்ன அக்கா" ஆகியிருந்தது. நம் பேச்சில் ஒட்டிவரும் 'கா'வைத் தெரியாத மெசின் அந்த மனிதரைத் தம்பியாக்கிவிட்டது. பிறகு என்ற அர்த்தத்தில் "மறுகா" வந்த இடமெல்லாம் "மறுநாள்". ஒரே இரவில் நடந்தது மூன்று நாளுக்கு நீண்டுவிட்டது. கண்ணகி அம்மன் சடங்கான குளிர்த்தி "குளிர்ச்சி" ஆகியிருந்தது. கோயில் நிர்வாகியான வண்ணக்கர் "வண்ணக்காரர்" ஆகி, பெயின்ற் அடிக்கிறவர் மாதிரி நின்றார்.

இப்போது அந்த ஒரு வரியைப் பாருங்கள். எந்த ஆக்கம் என்று சொல்லவில்லை. மெசின் என்ன செய்தது, யார் சரிபார்த்தது என்றும் சொல்லவில்லை. வாசிப்பவருக்கு மலர் முழுவதிலும் சந்தேகம் வரும், சந்தேகப்பட வேண்டிய இடம் மட்டும் தெரியாது. கடைசியில் கட்டுரையின் தலைப்புக்குக் கீழேயே இப்படிப் போட்டோம்:

"அம்மம்மா பேசியதைக் கைபேசியில் பதிந்தோம். பேச்சை எழுத்தாக்கியது கணினிச் செயலி. மலர்க் குழுவினர் ஒலியைத் திரும்பக் கேட்டு ஒவ்வொரு வரியையும் திருத்தினோம். சில இடங்களில் வரிசை மாற்றியிருக்கிறோம், சேர்த்தது எதுவுமில்லை. ஒலிப்பதிவு வாசிகசாலையில் உண்டு."

ஏஐ எழுதிய மூன்று பக்கத்தையும் தூக்கிப் போட்டு, திருத்திய எழுத்திலிருந்து நாங்களே தொகுத்ததால்தான் "சேர்த்தது எதுவுமில்லை" என்று எழுத முடிந்தது. முதலில் குறிப்பை எழுத உட்கார்ந்தபோதுதான், ஏஐயின் கட்டுரையை வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை எழுத எங்களுக்குத் தகுதியில்லை என்று விளங்கியது. இப்போதெல்லாம் குறிப்பை முதலில் எழுதிப் பார்ப்பேன். எழுதக் கூச்சம் வந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

அச்சகக்காரர், மட்டக்களப்பு நகரம்: கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் பெயரை நாங்கள் எப்போதும் போடுகிறோமே. இனி மெசின்ட பெயரும் போட வேணுமா? எங்கடது ஒப்செற்.

அந்த மெசின் இல்லை அண்ணன். (எல்லாரும் சிரித்தார்கள், அவரும்தான்.) ஆனால் நல்ல இடத்தைத் தொட்டீர்கள். அச்சகத்தின் பெயர் எதற்கு? பக்கம் மாறிக் கட்டியிருந்தால் போய்ச் சண்டை பிடிக்க ஒரு வாசல் வேண்டும். "சாட்ஜிபிடி" என்று பெயர் போட்டால் சண்டை பிடிக்க வாசல் கிடைக்காது. ஆகவே எந்தச் செயலி என்பதைவிட யார் திருத்தியது, யாரிடம் கேட்கலாம் என்பதே குறிப்பில் முக்கியம்.

ஓய்வுபெற்ற அதிபர், களுவாஞ்சிக்குடி: எழுத்துப்பிழை திருத்தினதுக்கெல்லாம் அறிவித்தல் தேவையில்லை. பாதிக்கு மேல் அது எழுதினால்தான் சொல்ல வேண்டும். இதுதான் சரியான அளவு.

சேர், முதல் பாதி சரி. எழுத்துப்பிழை, ஒற்று, நிறுத்தக்குறி இவற்றுக்குக் குறிப்புப் போட்டால் வாசிப்பவர் அலுத்துப்போய், தேவையான குறிப்பையும் தாண்டிவிடுவார். ஆனால் பாதி என்ற கணக்கு உதவாது. அம்மம்மாவின் மூன்று பக்கத்தில் கெடுத்தது ஒரே ஒரு வாக்கியம். மறுபக்கம், விளையாட்டுப் போட்டி முடிவுகளை மெசின் முழுக்க வசனமாக்கி, நீங்கள் புள்ளிப் பட்டியலோடு ஒப்பிட்டிருந்தால் குறிப்பே இல்லாவிட்டாலும் யாரும் ஏமாறவில்லை.

நான் பார்ப்பது இதைத்தான்: வாசிப்பவர் எதை நம்பி வாசிக்கிறார்? பாட்டியின் வாய்மொழி என்றா, எழுதியவர் நேரே போய்ப் பார்த்தார் என்றா, இது அவருடைய சொந்த மனம் என்றா? மெசின் கை வைத்தது அந்த நம்பிக்கையிலேயே என்றால் சொல்ல வேண்டும், ஒரு வரியானாலும்.

(அதிபர் ஒத்துக்கொள்ளவில்லை. "அளவு இல்லாத விதியைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்றார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.)

ராத்தா ஒருவர், காத்தான்குடி: குறிப்பை எங்கே போடுறது? தலைப்புக்குக் கீழே போட்டால் வாசிக்காமலே புரட்டிவிடுவாங்களே. கடைசியில் சின்ன எழுத்தில் போட்டால் என்ன?

அப்படிச் செய்தவர்களின் கதை இருக்கிறது. அமெரிக்காவில் சிநெற் என்ற செய்தித்தளம் 2022 கடைசியில் பண விடயக் கட்டுரைகளை மெசினை வைத்து எழுதத் தொடங்கியது. எழுதியவர் இடத்தில் ஒரு பொதுப்பெயர் மட்டும். அந்தப் பெயரில் போய்த் தட்டினால்தான் மெசின் விடயம் தெரியும். 2023 ஜனவரியில் வெளியே வந்தது. 77 கட்டுரைகளில் 41க்குத் திருத்தம் போட வேண்டி வந்தது. ஒன்றில், 10,000 டொலரை 3 வீத வட்டிக்குப் போட்டால் முதல் வருடம் 10,300 டொலர் உழைக்கலாம் என்று இருந்தது. உழைப்பது 300தான். கணக்குப் பிழைக்கு வந்த கோபத்தைவிட ஒளித்து வைத்ததற்கு வந்த கோபம் குறைவில்லை.

நீங்கள் சொல்வதுபோல் சிலர் புரட்டிவிடுவார்கள்தான். அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

விவசாய அமைப்புச் செயலாளர், சம்மாந்துறை: சிங்களத்தில் வந்த சுற்றறிக்கையைப் போனில் தமிழாக்கி அறிவித்தல் பலகையில் போடுறன். இதுக்கும் சொல்ல வேணுமா?

உங்களுக்குத்தான் முதலில் வேண்டும் நானா. சிறுபோகத்துக்குத் தண்ணீர் விடும் திகதியை நம்பி ஒருவர் விதைக்கப் போகிறார். பலகையில் மேலேயே எழுதுங்கள்: "மூலம் சிங்களச் சுற்றறிக்கை, இன்ன திகதி. தமிழாக்கம் கணினியால். திகதிகளையும் அளவுகளையும் செயலாளர் மூலத்தோடு ஒப்பிட்டார். மூலப் பிரதி பக்கத்தில் உள்ளது." பிரதியையும் ஒட்டிவிடுங்கள்.

ஒப்பிடும்போது எல்லாச் சொல்லையும் பார்க்க நேரம் கிடைக்காது. திகதி, ஏக்கர், தொகை, அப்புறம் "கூடாது", "தவிர", "வரை" வரும் வசனங்கள், இவற்றை மட்டுமாவது சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரோடு இருந்து பாருங்கள். ஒரு "தவிர" விட்டுப்போனால் சேர வேண்டிய ஆள் பயனாளிப் பட்டியலுக்கு வெளியே போய்விடுவார். பார்க்கவே இல்லையென்றால் "ஒப்பிட்டார்" என்று எழுதாதீர்கள்.

ஆசிரியை, கல்முனை: மச்சாளின் முப்பத்தொன்றுக்கு நினைவு மலர். அழுது அழுது எழுதவே முடியல்ல. ஏஐ எழுதித் தந்ததைப் போட்டு, கீழே உண்மையைச் சொல்லிவிடலாமா?

சொன்னாலும் சரிவராத இடம் இது. 2023 பெப்ரவரியில் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வேறொரு பல்கலைக்கழகமான வாண்டர்பில்ற்றின் பீபொடிக் கல்லூரி தன் மாணவர்களுக்கு ஆறுதல் மின்னஞ்சல் அனுப்பியது. அடியில், சாட்ஜிபிடியிலிருந்து எடுத்தெழுதியது என்று ஒழுங்காகக் குறிப்பும் போட்டது. ஒளிக்கவில்லை. ஆனாலும் மாணவர்கள் கொதித்தார்கள், கல்லூரி மன்னிப்புக் கேட்டது. எல்லாரும் சேர்ந்து ஆறுதல் தேடுவோம் என்று எழுதிய மடலை எந்த மனிதரும் எழுதவில்லை என்றால் யாருக்கும் குத்தத்தானே செய்யும்.

மச்சாள் சமைத்த ஒரு கறி, உங்களைத் திட்டிய ஒரு வார்த்தை, நாலு வரி போதும். பிறப்பு, கல்வி, வேலை பார்த்த பாடசாலைகள் என்ற வாழ்க்கைக் குறிப்பை வேண்டுமானால் மெசினால் ஒழுங்குபடுத்துங்கள். அங்கே வாசிப்பவர் தேடுவது திகதி. உங்கள் மனம் இல்லை.

மாணவி, ஒலுவில்: ஆய்வுக் கட்டுரையில் அதை இணை ஆசிரியராகப் போட்டால் இன்னும் நேர்மையாக இருக்குமே?

நேர்மை போலத் தெரியும், ஆனால் சஞ்சிகை திருப்பி அனுப்பிவிடும். மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு 2023இலேயே சொல்லிவிட்டது: பிழைக்குப் பொறுப்பேற்க முடியாதது ஆசிரியர் ஆக முடியாது. மொழியைத் திருத்த உதவியிருந்தால் நன்றியுரையில் எழுதுங்கள், தரவைப் பகுத்திருந்தால் ஆய்வு முறையில். அனுப்பும் கடிதத்திலும் சொல்ல வேண்டும். உங்கள் துறைச் சஞ்சிகையின் விதியையும் பாருங்கள், எல்லாம் ஒன்றல்ல.

அதே மாணவி: சொல்லாமல் விட்டால் கண்டுபிடிக்கும் மென்பொருள் பிடித்துவிடுமாமே?

அதை நம்பிச் சொல்லவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ தானே வெளியிட்ட கண்டுபிடிப்பானை, துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் எடுத்துவிட்டது. மனிதர் எழுதியதையும் அது நூற்றுக்கு ஒன்பது தடவை மெசின் என்றது.

கவிஞர் ஒருவர், அக்கரைப்பற்று: நான் கவிதைக்குத் தலைப்பு மட்டும் அதனிடம் கேட்டேன். பத்துத் தந்தது, ஒன்றை எடுத்தேன். நண்பன் ஒருவன் தலைப்புக் கொடுத்தால் நான் எழுதுவதில்லையே. இதற்கு மட்டும் ஏன்?

இதில் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. போட்டிக்கு அனுப்புவதென்றால் நடத்துகிறவரிடம் கேட்டுவிடுங்கள், அது சுலபம். தொகுதியில் போடுவதென்றால்... நண்பன் தந்த தலைப்பென்றால், யாராவது புகழும்போது "அது அவன் தந்தது" என்று சொல்லியிருப்பீர்களா, மாட்டீர்களா?

(கவிஞர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நண்பன் ஆரென்றதைப் பொறுத்தது" என்றார். தேத்தண்ணி வந்துவிட்டது.)