ரீப்ளேஸ்மென்ட் பேட்டரிக்கு வாரண்டி எந்தத் தேதியிலிருந்து?

"ஸ்டாக் எண்ணிக்கை சரியா இருக்கு. ஆனா ரீப்ளேஸ் பண்ணிக் கொடுத்த இன்வெர்ட்டர் பேட்டரி திரும்பி வந்தா, எந்த பில்லுல போச்சுன்னே தெரியல. எக்ஸல்ல எப்படி வெச்சுக்கிறது?"

சார், ஒரு பீஸுக்கு ஒரு வரின்னு வெச்சுக்கோங்க. சரக்கு இறங்கும்போதே சீரியலை ஸ்கேன் பண்ணி ஏத்திடணும். பில் போடும்போது அதே வரியில பில் நம்பரும் தேதியும் வரும்.

உங்க சிக்கல், பழைய சீரியலை அழிச்சுட்டு அதே வரியில புதுசை அடிக்கிறதாலதான் வந்திருக்கும். ரெண்டுக்கும் தனி வரி வேணும். புது வரியில "எதுக்குப் பதில்"னு ஒரு நெடுவரிசை போட்டு பழைய சீரியலை எழுதுங்க. 10-06-2023ல வித்த பேட்டரிக்கு 36 மாசம்னா, வாரண்டி 09-06-2026 வரைக்கும். விற்ற தேதி D2ல இருந்தா, முடிவுத் தேதி வர்ற கட்டத்தை தேதி ஃபார்மேட்டுக்கு மாத்திட்டு இதைப் போடுங்க:

```
=EDATE(D2,36)-1
```

2025 பிப்ரவரியில மாத்திக் கொடுத்தாலும் பெரும்பாலும் அதே கடைசித் தேதிதான் தொடரும். அதனால புது வரியில ஃபார்முலா போடாம, பழைய வரியோட முடிவுத் தேதியை அப்படியே எடுத்துக்கோங்க. சில கம்பெனி விதி வேற மாதிரி இருக்கும், கார்டைப் படிச்சுட்டுப் போடுங்க.

சீரியல் நெடுவரிசையை முதல்லயே டெக்ஸ்ட்டா மாத்திடுங்க. இல்லேன்னா முன்னாடி வர்ற பூஜ்யம் போயிடும், 15 இலக்கத்துக்கு மேல இருந்தா கடைசி எண்கள் பூஜ்யமா மாறிடும். பெட்டியில பார்கோடு ரெண்டு மூணு இருக்கும். ஸ்கேன் பண்ணா எல்லா பீஸுக்கும் ஒரே நம்பர் வருதா? அது சீரியல் இல்ல, பொருளோட பொது கோடு. பசங்க அவசரத்துல அதைத்தான் அடிப்பாங்க.