போனில் இருந்து திட்டமிடல் மேசைக்கு

"அக்கா, இந்த ஊருக்கு வந்து கால் சென்டரில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. தர மதிப்பெண்ணில் நான் எப்போதும் முன்வரிசை. ஆனால் டீம் லீடர் வேலைக்கு இரண்டு முறை விண்ணப்பித்தும் வேறு ஆட்களுக்கே போய்விட்டது. என் உச்சரிப்புதான் காரணமா? டிரெய்னர், அனலிஸ்ட், டீம் லீடர் மூன்றில் எதற்கு முயல்வது?"

தம்பி, உச்சரிப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். அப்படி இருந்தால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நீங்களும் நிரூபிக்க முடியாது. ஆனால் அதைவிடச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. போனில் நன்றாக வேலை செய்கிறவரை அங்கிருந்து எடுக்க எந்த மேலாளருக்கும் மனம் வராது. உங்கள் மதிப்பெண் இப்போதைய வேலைக்கு நீங்கள் பொருத்தமானவர் என்பதற்குத்தான் சாட்சி. அடுத்த வேலையைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

என்னைக் கேட்டால் முதலில் அனலிஸ்ட் பக்கம் பாருங்கள். அதிலும் குறிப்பாக, ஷிஃப்டும் பிரேக்கும் போடுகிற திட்டமிடல் பிரிவு. "இப்போது பிரேக் எடுக்காதீர்கள், பத்து நிமிடம் பொறுங்கள்" என்று செய்தி அனுப்பி உங்களை எரிச்சலூட்டுகிறார்களே, அந்த மேசைதான். அங்கே நேரடிக் கண்காணிப்பு அனலிஸ்ட் என்ற ஆரம்ப நிலை வேலை இருக்கும். பெரும்பாலும் போனில் இருந்தவர்களையே எடுப்பார்கள். ஏனெனில் ஓர் அழைப்பு ஏன் நீள்கிறது என்று வெளியிலிருந்து வருகிற கணக்குக்காரருக்குத் தெரியாது.

என்னோடு போனில் இருந்த ஒரு பெண் இப்படித்தான் போனார். எங்கள் பிரிவில் திங்கள் காலை 10 மணிக்கு மேல் சுவரில் உள்ள திரை சிவப்பாகிவிடும். நாள் முடிவில் பார்த்தால் இலக்கு தப்பியிருக்காது, அதனால் யாரும் கவலைப்படவில்லை. அவர் டீம் லீடரிடம் அரை மணி வாரியான அறிக்கையைக் கேட்டு வாங்கினார். அவர் பார்த்ததை எண்களை முழுதாக்கிச் சொல்கிறேன். அந்த அரை மணியில் 100 அழைப்புகள். ஓர் அழைப்பைக் கையாளச் சராசரியாக 180 வினாடி. அரை மணி என்பது 1800 வினாடி. ஆகவே

```
=100*180/1800
```

விடை 10. அதாவது பத்துப் பேர் மூச்சு விடாமல் பேசுகிற அளவு வேலை. ஆனால் பத்துப் பேரை மட்டும் உட்கார வைத்தால் வரிசை நீண்டுகொண்டே போகும், ஏனெனில் அழைப்புகள் சீராக வருவதில்லை, கொத்தாக வந்து விழுகின்றன. இதற்கான சூத்திரத்தை கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்த எர்லாங் என்ற டேனிஷ் கணிதர் 1917இலேயே வெளியிட்டுவிட்டார். எர்லாங் சி என்று தேடினால் இலவசக் கணிப்பான்கள் கிடைக்கும்.

அதில் 14 பேர் என்று போட்டால், 20 வினாடிக்குள் எடுக்கப்படும் அழைப்புகள் சுமார் 89 விழுக்காடு, சராசரிக் காத்திருப்பு 8 வினாடி. 13 பேர் என்றால் 80 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே. 11 பேர் என்றால் 40 விழுக்காட்டைக்கூட எட்டாது, காத்திருப்பு 2 நிமிடத்தைத் தாண்டிவிடும். 14 பேரில் மூவர் குறைந்தால் இவ்வளவு சரிவு. போனில் இருப்பவர்களுக்கு இது உடம்பால் தெரியும், கணக்காகத் தெரியாது.

எங்கள் பிரிவில் 14 பேர், ஆனால் அந்த அரை மணியில் இருக்கையில் இருந்தது 11 பேர்தான். மற்ற மூவர் எங்கே போனார்கள்? திங்கள் 10 மணிக்கு அவர்களுக்குக் குழுப் பயிற்சிக் கூட்டம். முன்பு எப்போதோ அழைப்பு குறைவாக இருந்த காலத்தில் வைத்த நேரம், அப்படியே தங்கிவிட்டது. புதன் பிற்பகலில் அரை மணிக்கு 60 அழைப்புகள்தான் வந்தன. அங்கே மூவர் எழுந்து போனாலும் மிச்சம் 11 பேர் 97 விழுக்காட்டைத் தொட்டுவிடுவார்கள். கூட்டத்தைப் புதனுக்கு மாற்றலாம் என்று அரைப்பக்கம் எழுதி, அறிக்கையின் மூன்று வரிகளை இணைத்துக் கொடுத்தார். மாற்றினார்கள். திட்டமிடல் மேசையில் அடுத்த இடம் காலியானபோது அவர் பெயர் அங்கிருந்தவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

நீங்கள் இதைச் செய்யும்போது சறுக்கக்கூடிய இடங்கள் இரண்டு. நாள் சராசரியை நம்பாதீர்கள், கோளாறு எப்போதும் அரை மணிக்குள்தான் ஒளிந்திருக்கும். இரண்டாவது, எர்லாங் சி காத்திருப்பவர் யாருமே போனை வைக்க மாட்டார் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. உண்மையில் சிலர் அலுத்துப்போய் வைத்துவிடுவார்கள். எனவே நெரிசல் மிகுந்த நேரத்தில் சூத்திரம் சொல்லும் காத்திருப்பு நிஜத்தைவிட அதிகமாகவே இருக்கும். இதை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் எதிரே இருப்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும். இன்னொன்றும் கேட்பார்கள்: இருக்கையில் 14 பேர் வேண்டுமானால் பட்டியலில் எத்தனை பேர்? விடுப்பு, நோய், பயிற்சி, பிரேக் எல்லாம் சேர்ந்து 30 விழுக்காடு நேரத்தை விழுங்குகிறது என்றால் 14ஐ 0.7ஆல் வகுக்க வேண்டும், 20 பேர். 14உடன் 30 விழுக்காட்டைக் கூட்டி 18 என்று சொல்கிறவர்கள் அங்கேயே தோற்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. எண்ணிக்கை அறிக்கையை மட்டும் கேளுங்கள், அதுவும் டீம் லீடர் வழியாக. வாடிக்கையாளர் பெயரோ கணக்கு எண்ணோ உள்ள கோப்பைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வீட்டில் வைத்து எக்செல் பழகாதீர்கள். நோக்கம் நல்லதாக இருந்தாலும் வேலை போய்விடும்.

நேர்காணலில் நம்மவர்கள் "நாங்கள் செய்தோம்" என்றே பேசுவார்கள். அது நமக்குப் பண்பு. நேர்காணல் எடுப்பவர்கள் தாளிலோ நீங்கள் தனியாக என்ன செய்தீர்கள் என்பதற்குத்தான் மதிப்பெண். அறிக்கையைக் கேட்டது யார், கணக்குப் போட்டது யார், எழுதியது யார் என்று "நான்" போட்டுச் சொல்லுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும்.

டிரெய்னர் வேலைக்கு வழி சுருக்கமானது. புதிதாக வருகிறவர்கள் முதல் வாரங்களில் அனுபவசாலி பக்கத்தில் அமர்ந்து அழைப்பு எடுப்பார்களே, அந்தப் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். அவர்களில் எத்தனை பேர் எவ்வளவு சீக்கிரம் தனியாகப் பேசத் தொடங்கினார்கள் என்று குறித்து வையுங்கள். டீம் லீடர் பதவிக்கு, உங்கள் லீடர் விடுப்பில் போகும் வாரங்களில் பொறுப்பு பார்த்திருக்க வேண்டும். அது இல்லாமல் மூன்றாவது முறை விண்ணப்பித்தாலும் பதில் அதேதான். இரண்டு முறை மறுத்தபோது யாரைத் தேர்ந்தெடுத்தார்கள், அவர்கள் முன்னதாகவே பொறுப்பு பார்த்தவர்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் விசா வேலைப் பெயரோடு கட்டப்பட்டதா என்று முதலில் பாருங்கள். பல நாடுகளில் ஒரே நிறுவனத்துக்குள் பதவி மாறினாலும் புது அனுமதி தேவைப்படலாம். மனிதவளப் பிரிவினர் "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்று வாயால் சொன்னால் போதாது. புதுப் பதவியின் பெயரையும் சேரும் தேதியையும் குறிப்பிட்டு எழுத்தில் பதில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.