தள்ளுபடிக் காரணியை முழுமைப்படுத்துவதால் வரும் வித்தியாசம்: மதிப்பெண் போகுமா?

கேள்வி: ஏசிசிஏ தேர்வுக்குப் படிக்கிறேன். முதலீடு 900,000 வெள்ளி, ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 240,000 வெள்ளி வரவு, தள்ளுபடி விகிதம் 10%. நிகர நிகழ்கால மதிப்பு எனக்கு 9,600 வந்தது. புத்தகத்தில் 9,840 என்று இருக்கிறது. தோழியின் விரிதாள் 9,789 காட்டுகிறது. யார் செய்தது சரி? தேர்வில் மதிப்பெண் குறையுமா?

பதில்:

மூன்றும் சரி. மூன்றுக்கும் முழு மதிப்பெண் உண்டு.

நீங்கள் ஆண்டுவாரியாக 0.909, 0.826, 0.751, 0.683, 0.621 என்ற காரணிகளால் பெருக்கியிருப்பீர்கள். அவற்றின் கூட்டுத்தொகை 3.790. புத்தகம் ஆண்டுத்தொகை அட்டவணையிலிருந்து 3.791 என்ற ஒரே எண்ணை எடுத்திருக்கிறது. உண்மையான மதிப்பு 3.790787. விரிதாள் தசமங்களை வெட்டாமல் கணக்கிடுவதால் தோழிக்கு 9,789 வந்தது.

உங்கள் 189 வெள்ளி எங்கே போனது என்று தேடினால், பெரும்பகுதி இரண்டு ஆண்டுகளில் அகப்படும். இரண்டாம் ஆண்டின் காரணி 0.826446. அட்டவணை அதை 0.826 என்று சுருக்கியதில் 107 வெள்ளி குறைந்தது. மூன்றாம் ஆண்டின் 0.751315, 0.751 ஆனதில் இன்னொரு 76. நான்காம் ஆண்டில் மூன்று வெள்ளி அளவுதான் மாறியது. ஐந்தாம் ஆண்டின் காரணியோ மேல்நோக்கி முழுமையாகியிருப்பதால் கொஞ்சம் திருப்பியும் தந்திருக்கிறது.

ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் 189 வெள்ளி ஒன்றுமே இல்லை. ஆனால் முதலீட்டைக் கழித்தபின் மிஞ்சுவது பத்தாயிரத்துக்கும் குறைவு. பிழை மட்டும் கழியாமல் அப்படியே நிற்கிறது. அதனால்தான் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

"ஏதோ முழுமைப்படுத்தல் வித்தியாசம்" என்று சொல்லிவிட்டு உண்மையான தவற்றைத் தாண்டிப் போவதுதான் ஆபத்து. நான் நடத்தும் மாலை வகுப்பில் வாராவாரம் யாராவது இதைச் சொல்வார்கள். வித்தியாசத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது, அதைப் போட்டுப் பாருங்கள். மூன்று தசமத்துக்கு முழுமைப்படுத்திய காரணி எதுவும் உண்மை மதிப்பிலிருந்து 0.0005-க்கு மேல் விலகாது. எனவே ஆண்டுவாரிக் கணக்கில் பிழை, வரவுகளின் மொத்தத்தை 0.0005-ஆல் பெருக்கியதைத் தாண்டாது: 1,200,000 × 0.0005 = 600 வெள்ளி. ஆண்டுத்தொகைக் காரணியை ஒரே முறைதான் பயன்படுத்துகிறோம் என்பதால் அங்கே வரம்பு 240,000 × 0.0005 = 120. உங்கள் 189, புத்தகத்தின் 51 இரண்டுமே வரம்புக்குள் இருக்கின்றன.

இப்போது வேறொருவர் 8,899 என்று விடை கொண்டுவருகிறார் என்று வையுங்கள். விரிதாளிலிருந்து விலகல் 890, வரம்போ 600. இது முழுமைப்படுத்தலால் வந்திருக்க முடியாது. அவருடைய விரிதாளைத் திறந்தால் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

```
=NPV(10%,B2:G2)
```

B2-இல் இருப்பது எதிர்மறை எண்ணாக எழுதிய தொடக்க முதலீடு. இந்தச் சார்பு தனக்குத் தரப்படும் முதல் எண்ணை ஓராண்டு முடிவில் வருவதாக எடுத்துக்கொள்ளும். அதனால் எல்லாமே ஓராண்டு கூடுதலாகத் தள்ளுபடியாகி, 9,789 என்பது 1.1-ஆல் வகுபட்டு 8,899 ஆகிவிட்டது. முதலீட்டை வெளியே வைக்க வேண்டும்:

```
=B2+NPV(10%,C2:G2)
```

முதலீட்டை உள்ளே வைத்த அந்தத் தவற்றுக்கு மட்டும் மதிப்பெண் போகும், நியாயமாகவே.

அட்டவணையில் இல்லாத விகிதம், உதாரணமாக 7.5%, வந்தால் காரணியை நீங்களே கணக்கிட வேண்டியிருக்கும். அப்போது முதலாண்டுக் காரணியை முழுமைப்படுத்திவிட்டு அதையே அடுக்கேற்றாதீர்கள். 10% விகிதத்திலேயே பாருங்கள்: 0.91-ஐ ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தினால் 0.624 வரும், அட்டவணையில் இருப்பது 0.621. ஒவ்வோர் ஆண்டுக்கும் (1+r)^-n என்ற வாய்பாட்டிலிருந்து நேராகக் கணக்கிட்டு, கடைசியில் மூன்று தசமத்துக்குக் கொண்டுவாருங்கள்.

எண்ணை மட்டும் உள்ளிடும் கேள்விகளில், எத்தனை தசமம், அருகிலுள்ள ஆயிரத்துக்கா என்று கேள்வியிலேயே சொல்லியிருந்தால் அதன்படியே செய்யுங்கள். விரிவான கேள்விகளில் பயன்படுத்திய காரணிகளை ஒரு வரிசையாகக் காட்டிவிடுங்கள். திருத்துபவர் 0.826-ஐப் பார்த்தவுடன் 9,600 எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்வார்.

"குறியே மாறிவிட்டால்?" என்று அடுத்துக் கேட்பீர்கள். மாறலாம். முதலீடு 909,700 வெள்ளியாக இருந்தால் உங்கள் வழியில் −100, புத்தக வழியில் +140, விரிதாளில் +89. உங்கள் விடை −100 என்றால் "திட்டத்தை ஏற்கக் கூடாது" என்றே எழுதுங்கள். தீர்ப்பு உங்கள் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். கூடவே, மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம், வரவு மதிப்பீடு சற்று மாறினாலும் முடிவு மாறும் என்று ஒரு வரி சேருங்கள். ஆண்டு வரவில் 100 வெள்ளி கூடினாலே நிகர மதிப்பு 379 வெள்ளி உயர்ந்துவிடும். அடுத்த ஐந்தாண்டு வரவை அவ்வளவு துல்லியமாக எந்த நிறுவனமும் கணித்துவிட முடியாது.