வீட்டுக் காப்பீட்டுத் தொகை: ஓய்வுபெற்ற சர்வேயரின் பதில்கள்

பாளையங்கோட்டையிலிருந்து: "ஐயா, 1,000 சதுர அடி கார்பெட் ஏரியா உள்ள வீட்டை 2021-இல் 18 லட்சத்துக்குக் காப்பீடு செய்தேன். ஆண்டுதோறும் அதே தொகைக்குப் புதுப்பிக்கிறேன். போதாதா?"

போதாது. இன்று மீண்டும் கட்ட என்ன செலவாகும் என்று கொத்தனாரிடம் கேளுங்கள். கார்பெட் ஏரியா என்பது வெளிச்சுவரை விட்ட உள்பரப்பு. அவர் சுவரையும் சேர்த்து அளந்து, 1,250 சதுர அடி, அடிக்கு 2,000 ரூபாய் என்றால் மொத்தம் 25 லட்சம். பலரும் சறுக்குவது இங்கேதான்: அவர் சொன்ன 2,000-ஐ 1,000 அடி கார்பெட் ஏரியாவால் பெருக்கி 20 லட்சம் என்று விண்ணப்பத்தில் எழுதிவிடுகிறார்கள். 25 லட்சத்தைக் கார்பெட் ஏரியாவால் வகுத்து வரும் 2,500-தான் எழுத வேண்டிய விலை.

உங்களுடையது, நிறுவனங்கள் ஒரே வடிவில் விற்கும் வீட்டுப் பாலிசியான பாரத் கிருஹ ரக்ஷா என்றால், பரப்பைச் சரியாகச் சொல்லியிருக்கும்வரை, தொகை குறைவு என்பதற்காக 5 லட்சச் சேதத்தில் வெட்ட மாட்டார்கள். விகித வெட்டு உள்ள பாலிசியில், 25-க்கு 18 என்ற கணக்கில், அதே சேதத்துக்கு 3.6 லட்சமே கிடைக்கும். ஆனால் வீடு முழுவதும் போனால் எந்தப் பாலிசியும் காப்பீட்டுத் தொகையோடு நின்றுவிடும். மீதி உங்கள் கையிலிருந்துதான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: "அதான் வருஷத்துக்குப் பத்து சதவீதம் தானா கூடுதே அண்ணாச்சி, நாம எதுக்கு மெனக்கெடணும்?"

பாதி சரி. பல ஆண்டுகளுக்குச் சேர்த்து எடுத்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில், கூடுதல் பிரீமியம் இல்லாமலே, ஆண்டு நிறைவுதோறும் கட்டடத் தொகை 10 சதவீதம் உயரும். 20 லட்சம், முதலாண்டு நிறைவில் 22 லட்சமாகும். மொத்தம் தொடக்கத் தொகையின் இரு மடங்கை எட்டும் வரைதான் அந்த உயர்வு. ஓராண்டுப் பாலிசியைப் பழைய தொகைக்கே புதுப்பித்தால் எதுவும் தொடர்ந்து வராது.

பிரிட்டனில் பல பாலிசிகள் மீள்கட்டுமானச் செலவுக் குறியீட்டைப் பின்பற்றி ஏறுகின்றன. நம்முடையது நிலையான பத்து. எம்-சாண்டும் கம்பியும் அதைத் தாண்டினால் இடைவெளி விழும். தட்டட்டியில் நீங்கள் புதிதாக எழுப்பிய அறை அந்தப் பத்துக்குத் தெரியாது. எழுதிக் கொடுத்துச் சேர்க்க வேண்டும். தொடக்கத் தொகையே தவறு என்றால், தவறும் சேர்ந்தே வளரும்.

வண்ணார்பேட்டையிலிருந்து: "எங்கள் தெருவில் வழிகாட்டி மதிப்பு ஏறிவிட்டது. தொகையையும் அதற்கேற்ப ஏற்றவா?"

வேண்டாம் அம்மா. அது நிலத்தின் விலை. காப்பீடு கட்டடத்துக்கு மட்டும்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து: "எங்களுடையது தாத்தா காலத்து ஓட்டு வீடு, தேக்கு உத்தரம், சுண்ணாம்புச் சுவர். இதற்கு எந்த விலை?"

காங்கிரீட் வீட்டின் சதுர அடி விலை இதற்குப் பொருந்தாது. பொறியாளரை வரவழைத்து, உத்தரம், தூண், ஓடு என்று தனித்தனியாக மதிப்பிட்டு வாங்குங்கள். சேதமானால் தேக்குக்குத் தேக்கே தருவார்களா, சாதாரண மரமா என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் பேச்சு மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே பிரீமியம் கட்டுமுன் பதிலை எழுத்தில் பெறுங்கள். 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குள் நின்றேன்; இடுப்பளவு வரை சுண்ணாம்பு ஊறி உதிர்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரரின் பாலிசியில் சுவர் என்ன சுவர் என்றே ஒரு வரியும் இல்லை.