மும்பையில் டெர்மினல் மாறும் அப்பா அம்மாவுக்கு: கேள்வி பதில்

பாலக்கோட்டிலிருந்து ஒரு மகள்: அப்பா, அம்மா இருவரும் பெங்களூரிலிருந்து மும்பை வழியாக ஃபிராங்பர்ட் போகிறார்கள். டிக்கெட் இரண்டும் தனித்தனி. மும்பையில் T1-ல் மாலை 6.10-க்கு இறங்குகிறார்கள், T2-வில் இரவு 1.30-க்கு விமானம். ஏழு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதே, பயமில்லைதானே?

நேரம் போதும். ஆனால் அத்தனையும் ஓய்வு நேரம் இல்லை. பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். விமானம் 1.30 என்றால் கேட் ஏறக்குறைய 1.05-க்கு மூடிவிடும். பெட்டி வாங்கும் கவுண்டர் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்னால், அதாவது 12.30-க்கு மூடும். திறப்பது மூன்று மணி நேரம் முன்னால், 10.30 வாக்கில். ஆக அவர்களுக்கு உண்மையில் முக்கியமான நேரம் 10.30-லிருந்து 1.05 வரை உள்ள இரண்டரை மணி நேரம்தான். அதற்குள் பெட்டி கொடுக்க வேண்டும், இமிகிரேஷன் முடிக்க வேண்டும், பாதுகாப்புச் சோதனை தாண்டி கேட் வரை நடக்க வேண்டும்.

முன்பகுதி இப்படிப் போகும். 6.10-க்கு இறங்கினால் பெல்ட்டில் பெட்டி கைக்கு வர 6.45, 7 ஆகிவிடும். T1 வைல் பார்லே பக்கம், T2 சஹார் பக்கம். ஓடுபாதைகள் இரண்டுக்கும் பொதுதான், ஆனால் சாலையில் போனால் நாலைந்து கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் கால் மணி நேரம், மாலை நெரிசலில் முக்கால் மணி நேரம் கூட ஆகும். தாமதித்தாலும் 8.15-க்குள் T2 வாசலில் இருப்பார்கள். கவுண்டர் திறக்கும் வரை பெட்டியோடுதான் உட்கார வேண்டும். சாப்பிட, மாத்திரை போட அதுதான் நல்ல நேரம்.

T2 வாசலில் சிஐஎஸ்எஃப் காவலர் பாஸ்போர்ட்டையும் ஃபிராங்பர்ட் டிக்கெட்டையும் கேட்பார். செல்போனை நம்பாமல் இரண்டு பேருக்கும் அச்சடித்த தாள் கொடுத்து அனுப்புங்கள். நள்ளிரவு தாண்டிய விமானம் என்பதால் தேதியையும் ஒரு முறை பாருங்கள். டிக்கெட்டில் 15-ஆம் தேதி 01.30 என்றிருந்தால் அவர்கள் பெங்களூரில் ஏற வேண்டியது 14-ஆம் தேதி.

டிக்கெட் தனித்தனி என்பதுதான் எனக்குக் கவலை. பெங்களூர் விமானம் நாலைந்து மணி நேரம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் இவர்களை வராத பயணிகளாகத்தான் எழுதிக்கொள்ளும், பணமும் போய்விடலாம். அந்த ஏழு மணி நேர இடைவெளிதான் உங்களுக்குப் பாதுகாப்பு. அதைக் குறைக்க நினைக்காதீர்கள்.

ஓசூரிலிருந்து: அண்ணா, அவர்கள் ஒரே பிஎன்ஆரில் எடுத்திருந்தால் பெட்டியைப் பற்றிக் கவலையே வேண்டாம் அல்லவா? தானாகப் போய்விடும். என் மாமாவுக்கு அப்படித்தான் போனது.

பாதி சரி தம்பி. ஒரே பிஎன்ஆரில் பெரும்பாலும் போகும், ஆனால் பிஎன்ஆரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், டேக்கைப் பாருங்கள். பெங்களூர் கவுண்டரில் பெட்டிக் கைப்பிடியில் சுற்றும் நீளத் தாளில் மூன்று எழுத்து பெரிதாக இருக்கும். FRA என்றிருந்தால் பெட்டி மும்பையில் கைக்கு வராது, நேரே ஃபிராங்பர்ட்தான். BOM என்றிருந்தால் மும்பையில் எடுத்தே ஆக வேண்டும். அது தெரியாமல் பெல்ட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போவது பெரும்பாடு. டேக் ஒட்டும்போதே "எதுவரை போட்டிருக்கீங்க?" என்று வாய் திறந்து கேட்டுவிடுங்கள்.

உங்கள் மாமா போன விமானம் T2-விலேயே இறங்கியிருக்கலாம். ஒரே நிறுவனத்தின் பெங்களூர் விமானங்களில் சில T1-லும் சில T2-விலும் இறங்கும். T2-வில் இறங்கினால் சாலைப் பயணமே கிடையாது. எந்த டெர்மினல் என்று முந்தைய நாள் மறுபடி பார்க்க வேண்டும், மாற்றுவார்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: நாங்கள் மாம்பழக் கூழ் டின்னும் மாங்காய் ஊறுகாயும் கொண்டு போவோம். கைப்பையில் வைத்தால் T2-வில் பிடுங்கிவிடுவார்களா?

கூழ், ஊறுகாய், நெய் எல்லாம் திரவக் கணக்கில்தான் வரும். சர்வதேச விமானத்துக்குக் கைப்பையில் ஒரு பாத்திரத்துக்கு 100 மில்லிக்கு மேல் கூடாது, பாதி காலியான பெரிய பாட்டிலும் செல்லாது. டின் கண்டிப்பாகப் பெரிய பெட்டிக்குள்தான். பெட்டியை மும்பையில் கையில் வாங்குபவர்களுக்கு ஒரு வசதி உண்டு: மறந்து கைப்பையில் வைத்ததை T2 கவுண்டருக்கு முன் மாற்றிக்கொள்ளலாம். பெட்டி பெல்ட்டில் போன பிறகு வழியில்லை.

பவர் பேங்க் இதற்கு நேர் எதிர். அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். 20,000 mAh என்றால் சுமார் 74 Wh, வரம்பு 100 Wh, அதனால் செல்லும். ஆனால் மேலே அச்சு தேய்ந்து எண் படிக்க முடியாமல் இருந்தால் காவலர் ஒதுக்கி வைத்துவிடலாம். பெரிய பெட்டிக்குள் அது கிடந்தால் உங்களைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள், அரை மணி நேரம் அங்கேயே போய்விடும்.

ஊத்தங்கரையிலிருந்து: டிஜியாத்ரா போட்டுக்கொண்டால் T2 வாசலில் வரிசையே இல்லையாமே?

டிஜியாத்ரா உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டும்தான். பெங்களூரில் உதவும், ஃபிராங்பர்ட் விமானத்துக்கு உதவாது. இமிகிரேஷன் வரிசையைத் தவிர்க்க வேண்டுமானால் வேறு திட்டம் இருக்கிறது, FTI-TTP. 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கியது, அடுத்த ஆண்டு மும்பைக்கும் வந்தது. முன்கூட்டி விண்ணப்பித்து கைரேகை கொடுக்க வேண்டும் என்பதால் அடுத்த வாரம் கிளம்புபவர்களுக்கு ஆகாது.

பர்கூரிலிருந்து: எனக்கு துபாய். T3-ல் இறங்கி T2-வில் ஃபிளைதுபாய் பிடிக்க வேண்டும். இதே மாதிரி டாக்ஸியில்தான் போக வேண்டுமா?

வேண்டாம், உங்கள் கதை வேறு. ஒரே டிக்கெட்டாக இருந்தால் வெளியே வராமல் Connections என்ற பலகையைப் பின்தொடருங்கள். மறுபடி பாதுகாப்புச் சோதனை இருக்கும், அப்புறம் உள்ளேயே பஸ் T2-வுக்குக் கொண்டு போகும். டிக்கெட் தனித்தனியாக இருந்து பெட்டியை நீங்களே எடுக்க வேண்டியிருந்தால் நாட்டுக்குள் நுழைய விசா வேண்டும். அதைக் கிளம்பும் முன்னே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பாலக்கோடு மகள் மீண்டும்: அம்மாவுக்கு முட்டி வலி, சக்கர நாற்காலி சொல்லியிருக்கிறேன். அதுவே T2 வரை கூட்டிப் போகுமா? கேட்டில் கூப்பிடுவார்கள்தானே?

இரண்டு டிக்கெட் என்றால் T1 உதவியாளர் வெளிவாசல் வரைதான் வருவார். ஃபிராங்பர்ட் டிக்கெட்டிலும் தனியாகச் சொல்லி வையுங்கள், இரண்டு நாள் முன்பே சொல்வது நல்லது. T2 வாசலில் போய் அவர்களே கேட்க வேண்டியிருக்கும்.

கூப்பிடுவார்கள் என்று இருக்கவே கூடாது. மும்பையில் சாதாரண போர்டிங் அறிவிப்பு ஒலிபெருக்கியில் வராது. உட்கார்ந்து கண் அசந்தவர்கள் விமானத்தை விட்டது இதனால்தான். போர்டிங் பாஸில் அச்சான கேட் எண்ணும் மாறலாம். சோதனை முடிந்ததும் திரையில் எண்ணைப் பார்த்து, நேரே அந்த கேட் முன் போய் உட்காரச் சொல்லுங்கள். T2 கிளை கிளையாக நீளும் கட்டடம், கடைசி கேட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை. 12.15-க்கு அப்பா போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

ஓசூரிலிருந்து மீண்டும்: T1-லிருந்து இலவச பஸ் இருக்கும்போது டாக்ஸி எதற்கு?

பஸ் உண்டு, அடுத்த டிக்கெட்டைக் காட்டினால் ஏற்றுவார்கள். இரண்டு பெட்டியோடு முட்டி வலிக்காரரை ஏற்றி இறக்குவது யார் என்பதுதான் கேள்வி. தனி ஆள் என்றால் நான் பஸ்ஸைத்தான் சொல்வேன்.

அரூரிலிருந்து: போன மாதம் அந்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றோம். டாக்ஸிதான் சரி.

ஓசூர்: எங்களுக்குப் பத்து நிமிடத்தில் வந்ததே!

இரண்டும் நடக்கும். மகள் அவர்கள் கையில் டாக்ஸிப் பணத்தைக் கொடுத்தனுப்பட்டும், அப்பா அங்கே நின்று பார்த்து முடிவு செய்யட்டும்.