பிரசவத்துக்குப் பின் ஓயாத சிறுநீர்க் கசிவு

“தங்கச்சிக்கு இரண்டு நாள் பிரசவ நோ, பிறகு சிசேரியன். பத்து நாளாகிறது, இப்ப சிறுநீர் தானாக ஒழுகுது. பலவீனமா, தானாகச் சரிவருமா?”

பலவீனமென்றால் இருமும்போது, தும்மும்போதுதான் கசியும். அசையாமல் படுத்திருக்கும்போதும் பாய் நனைகிறதா? அப்படியானால் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையில் துளை விழுந்திருக்கலாம். பிள்ளையின் தலை இடுப்பெலும்போடு நெடுநேரம் அழுத்தினால் நடுவிலுள்ள தசை இரத்தமின்றிச் செத்து, சில நாளில் கழன்றுவிடும். அதனால்தான் கசிவு பிந்தித் தொடங்குகிறது.

நாளைக்கே கிளிநொச்சி அல்லது வவுனியா பெரியாஸ்பத்திரியில் மகப்பேற்று விசேட வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுநீர்ப்பைக்குள் நீலச் சாயம் விட்டுத் துளையைக் கண்டுபிடிப்பார்கள். சிறிய துளையென்றால், இப்போதே குழாய் போட்டு நான்கு முதல் ஆறு வாரம் சிறுநீரை வடியவிட்டால் தானாக மூடவும் கூடும். நாள் போகப்போக அந்த வாய்ப்புக் குறையும். ஒழுகுதே என்று தண்ணீரைக் குறைக்க வேண்டாம், சிறுநீர் தடித்தால் தோல் எரியும்.

மூடாவிட்டால், புண் ஆறியபின், பெரும்பாலும் மூன்று மாதமளவில், சத்திரசிகிச்சை. சிறுநீர்ப்பையைப் பிறப்புவழிச் சுவரிலிருந்து பிரித்து, இழுவிசையில்லாமல் தைப்பார்கள். பிறகு சுமார் இரண்டு வாரம் குழாய் இருக்கும். முதல் தையல்தான் நன்றாகப் பிடிக்கும், ஆகவே அனுபவமுள்ளவரிடமே செய்யுங்கள்.

அடுத்த பிள்ளைக்கு நோ வரும்வரை காத்திருக்காமல், திட்டமிட்ட சிசேரியன்தான். இதை இப்போதே கிளினிக் கொப்பியில் எழுதுவியுங்கள்.